இரண்டு பேட்டரி, ஒரு காரின் ஹெட்லைட்: மின்னோட்டம் யாரிடமிருந்து யாருக்கு?

காரின் பேட்டரி டவுன். சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் காரைக் கொண்டுவந்து அருகில் நிறுத்துகிறார். சிவப்பு ஜம்பர் கேபிள் பிளஸ்ஸிலிருந்து பிளஸ்ஸுக்குப் போகிறது. கறுப்புக் கேபிளின் ஒரு முனை நல்ல பேட்டரியின் மைனஸில், மறுமுனை டவுனான காரின் எஞ்சின் உலோகத்தில். இப்போது டவுனான காரின் ஹெட்லைட்டைப் போட்டால் பளிச்சென்று எரிகிறது. அந்த விளக்குக்கு மின்சாரம் கொடுப்பது யார்?

பலரும் சொல்லும் பதில், இரண்டு பேட்டரிகளும் பங்கு போட்டுக் கொடுக்கின்றன என்பது. நல்லது நிறையவும் பலவீனமானது கொஞ்சமும் கொடுக்கும் என்று அதற்கு விளக்கமும் வரும். கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் உண்மை வேறு. ஹெட்லைட் எரிகிறபோது பலவீனமான பேட்டரி எதையும் கொடுப்பதில்லை, எடுத்துக்கொள்கிறது. அதே காரில் சாவியைத் திருப்பி செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும்போது மட்டும் அதுவும் சேர்ந்து கொடுக்கத் தொடங்குகிறது. பேட்டரிகளும் மாறவில்லை, கேபிளும் மாறவில்லை. ஒரே பேட்டரி ஒரு சமயம் வாங்குகிறது, இன்னொரு சமயம் கொடுக்கிறது. இதை அனுபவத்தை வைத்து ஊகிப்பது கடினம். காகிதத்தில் இரண்டு சமன்பாடுகள் எழுதினால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பள்ளியில் படித்த ஓம் விதி மட்டும் இங்கே போதாது. ஒரு பேட்டரியும் ஒரு விளக்கும் இருந்தால் வோல்ட்டை ஓமால் வகுத்து ஆம்பியரைச் சொல்லிவிடலாம். தடைகள் பல இருந்தாலும் தொடர், பக்க இணைப்பு என்று சுருக்கிக்கொண்டே போய் ஒற்றைத் தடையாக்கிவிடலாம். ஆனால் தனித்தனி அழுத்தமுள்ள இரண்டு பேட்டரிகள், தத்தம் தடைகளுடன், ஒரே விளக்கின் இரு முனைகளையும் பிடித்துக்கொண்டிருக்கும்போது சுருக்குவதற்கு வழியில்லை. எந்தத் தடையும் இன்னொன்றுக்குத் தொடராகவும் இல்லை, பக்கமாகவும் இல்லை. நடுவில் ஒரு பேட்டரி குறுக்கே நிற்கிறது. விளக்கின் மேல் எத்தனை வோல்ட் விழுகிறது என்று தெரிந்தால் மின்னோட்டத்தைச் சொல்லலாம். அந்த வோல்ட்டே மின்னோட்டத்தைப் பொறுத்துத்தான் அமைகிறது. ஒன்றையொன்று சார்ந்த இரண்டையும் ஒரே நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வழி சொன்னவர் குஸ்தாவ் கிர்க்காஃப். 1845இல், தம் 21ஆம் வயதில், கோனிக்ஸ்பெர்க் நகரில் மாணவராக இருந்தபோது அவர் வெளியிட்ட இரண்டு விதிகள்தாம் இன்றுவரை எல்லா மின்சுற்றுக் கணக்குகளுக்கும் அடிப்படை. அந்த ஊர் இப்போது ரஷ்யாவில் கலினின்கிராட் என்ற பெயரில் இருக்கிறது. ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டும் கடந்து ஊரைச் சுற்றிவர முடியுமா என்ற புதிருக்கு ஆய்லர் விடை சொன்னாரே, அதே ஊர்தான். எத்தனை சந்திகள், அவற்றுக்கிடையே எத்தனை பாதைகள் என்று எண்ணும் அந்தப் பார்வைக்கு மின்சுற்றிலும் வேலை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் விதி சந்திக்கு உரியது. கம்பிகள் கூடும் ஓர் இடத்துக்குள் எத்தனை ஆம்பியர் வருகிறதோ அத்தனை ஆம்பியர் அங்கிருந்து வெளியேற வேண்டும். சந்தியில் மின்னூட்டம் தேங்கி நிற்பதில்லை என்பதே இதன் பொருள். இரண்டாவது விதி வளையத்துக்கு உரியது. சுற்றில் ஓர் இடத்தில் புறப்பட்டு, எந்த வழியாகவாவது போய், அதே இடத்துக்குத் திரும்பினால், வழியில் ஏறிய வோல்ட்டும் இறங்கிய வோல்ட்டும் சமமாக இருக்க வேண்டும். பழனியில் படிப்பாதையில் ஏறி யானைப் பாதையில் இறங்கி அடிவாரத்துக்கே வந்துவிட்டால், ஏறிய உயரமும் இறங்கிய உயரமும் ஒன்றுதானே, அப்படி.

இனி நம் காருக்கு எண்கள் கொடுப்போம். நல்ல பேட்டரியின் மின்னியக்கு விசை, அதாவது எந்தச் சுமையும் இல்லாதபோது அது காட்டும் அழுத்தம், 12.6 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆன ஈய-அமில பேட்டரி ஏறத்தாழ இதைத்தான் காட்டும். அந்தக் காரின் எஞ்சினை அணைத்து வைத்திருப்பதாகக் கொள்வோம். ஓடினால் ஆல்டர்னேட்டர் என்ற மூன்றாவது மூலம் உள்ளே வந்துவிடும். பலவீனமான பேட்டரியின் மின்னியக்கு விசை 11.4 வோல்ட்.

ஒவ்வொரு பேட்டரிக்கும் உள்ளே ஒரு தடை உண்டு. தகடுகள், அமிலம், இணைப்புகள் எல்லாம் சேர்ந்து கொடுக்கும் அந்த எதிர்ப்பை அகமின்தடை என்கிறோம். நல்ல பேட்டரியின் அகமின்தடை 0.01 ஓம், இரண்டு ஜம்பர் கேபிள்களும் கிளிப்புகளும் சேர்ந்து 0.02 ஓம், ஆக அந்தப் பக்கம் மொத்தம் 0.03 ஓம். பழைய பேட்டரிக்கு 0.06 ஓம். இவை கணக்கு எளிதாக வர நான் தேர்ந்த எண்கள்தாம். ஆனாலும் பட்டறையில் பார்க்கக்கூடிய அளவுகளை ஒட்டியவையே. பேட்டரியின் அகமின்தடையை ஓம் மீட்டரால் நேரடியாக அளக்க முடியாது, மீட்டர் கெட்டுப்போகும். வேறு வழி இருக்கிறது. சுமையில்லாமல் 11.4 வோல்ட் காட்டிய பேட்டரி, 10 ஆம்பியர் கொடுக்கும்போது 10.8 வோல்ட்டுக்கு இறங்கினால், குறைந்த 0.6 வோல்ட்டை 10ஆல் வகுக்க வேண்டியதுதான். 0.06 ஓம் கிடைத்துவிடும்.

ஹெட்லைட் இரண்டும் தலா 60 வாட். 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் 5 ஆம்பியர், இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் எடுக்கும். 12 வோல்ட்டை 10 ஆம்பியரால் வகுத்தால் எரிகிற நிலையில் அவற்றின் கூட்டுத் தடை 1.2 ஓம்.

படத்தை இப்படி வரையுங்கள். மேலே ஒரு படுக்கைக்கோடு. அதுதான் பலவீனமான பேட்டரியின் பிளஸ் முனை, எல்லாம் வந்து கூடும் சந்தி. கீழே இன்னொரு படுக்கைக்கோடு. காரின் பாடி எர்த். இரண்டையும் இணைத்து மூன்று நெடுக்குக் கிளைகள். இடப்பக்கக் கிளையில் 12.6 வோல்ட் பேட்டரியும் 0.03 ஓமும். நடுக்கிளையில் 1.2 ஓம் ஹெட்லைட். வலப்பக்கக் கிளையில் 11.4 வோல்ட் பேட்டரியும் 0.06 ஓமும். இரண்டு பேட்டரிகளின் பிளஸ்ஸும் மேல் நோக்கி இருக்கின்றன.

அடுத்து மின்னோட்டத்தின் திசை. படிக்கிறவர்கள் பெரும்பாலும் தயங்கி நிற்பது இங்கேதான். திசை தெரியாமல் அம்புக்குறி எப்படிப் போடுவது? தெரிய வேண்டியதில்லை. மனத்தில் தோன்றும் திசையில் போட்டுவிட்டு, கடைசிவரை அதை மாற்றாமல் இருந்தால் போதும். நாம் எல்லோரையும் போல இரண்டு பேட்டரிகளும் கொடுப்பதாகவே வைத்துக்கொள்வோம். நல்ல பேட்டரியிலிருந்து I1 மேலே வருகிறது. பலவீனமான பேட்டரியிலிருந்து I2 மேலே வருகிறது. இரண்டும் மேல் சந்தியில் கூடி, ஹெட்லைட் வழியாக I3 ஆகக் கீழே இறங்குகின்றன. சந்தி விதிப்படி,

I3 = I1 + I2

இப்போது வளையங்கள். இடப்பக்க வளையத்தில் கீழ்க்கோட்டில் புறப்பட்டு நல்ல பேட்டரி வழியாக ஏறுவோம். மைனஸிலிருந்து பிளஸ்ஸுக்குப் போவதால் 12.6 வோல்ட் ஏற்றம். 0.03 ஓமை மின்னோட்டத்தின் திசையிலேயே கடப்பதால் 0.03 × I1 இறக்கம். ஹெட்லைட் வழியாகக் கீழே வரும்போது 1.2 × I3 இறக்கம். ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிட்டோம்:

12.6 − 0.03 I1 − 1.2 (I1 + I2) = 0

வலப்பக்க வளையத்தில் பலவீனமான பேட்டரி வழியாக ஏறி, அதே ஹெட்லைட் வழியாக இறங்கினால்:

11.4 − 0.06 I2 − 1.2 (I1 + I2) = 0

தெரியாதவை இரண்டு, சமன்பாடுகளும் இரண்டு. இரண்டிலும் ஹெட்லைட்டின் பகுதி ஒன்றாகவே இருப்பதால், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் அது மறைந்துவிடுகிறது. 1.2 − 0.03 I1 + 0.06 I2 = 0 என்று மீள்கிறது. 0.03ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால்:

I1 = 40 + 2 I2

இந்த வரியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவோம். இதை இரண்டாவது வளையச் சமன்பாட்டில் போடுவோம். 1.2 I1 + 1.26 I2 = 11.4 என்பதில் I1க்குப் பதில் 40 + 2 I2 வைத்தால் 48 + 2.4 I2 + 1.26 I2 = 11.4. அதாவது 3.66 I2 = −36.6.

I2 = −10 ஆம்பியர்
I1 = 40 − 20 = 20 ஆம்பியர்
I3 = 20 − 10 = 10 ஆம்பியர்

I2க்கு முன்னால் ஒரு மைனஸ் வந்திருக்கிறது. கணக்கில் எங்கோ பிழை என்று நினைத்து இதை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. இன்னும் மோசமாக, மைனஸை மட்டும் அழித்துவிட்டு 10 என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். 10 ஆம்பியர் என்ற அளவு சரி, நாம் போட்ட அம்புக்குறிதான் தலைகீழ் என்கிறது அந்த மைனஸ். பலவீனமான பேட்டரி கொடுக்கவில்லை. அதற்குள் 10 ஆம்பியர் போகிறது. நல்ல பேட்டரி அனுப்பும் 20 ஆம்பியரில் பாதி ஹெட்லைட்டுக்கு, பாதி பலவீனமான பேட்டரியைச் சார்ஜ் செய்ய. படத்தில் அம்புக்குறியை மாற்றிப் போடக்கூடத் தேவையில்லை. −10 என்றே வைத்துக்கொண்டு மேற்கொண்டு எல்லாக் கணக்கையும் செய்யலாம். விடைகள் தாமாகச் சரியாக வரும்.

விடை சரிதானா என்று பார்க்க எனக்கு மிகவும் பிடித்த வழி வாட் கணக்கு. நல்ல பேட்டரி கொடுப்பது 12.6 × 20 = 252 வாட். அது எங்கே போனது? கேபிளிலும் அதன் அகமின்தடையிலும் சூடாகப் போனது 20 × 20 × 0.03 = 12 வாட். ஹெட்லைட்டில் 12 × 10 = 120 வாட். பலவீனமான பேட்டரியின் அகமின்தடையில் 10 × 10 × 0.06 = 6 வாட். அந்தப் பேட்டரிக்குள் சார்ஜாகச் சேர்ந்தது 11.4 × 10 = 114 வாட். கூட்டினால் 252. ஒரு வாட் கூடக் குறையவில்லை. குறியில் தவறு செய்திருந்தால் இந்த இரண்டு பக்கமும் ஒருபோதும் ஒத்துப்போகாது. சமன்பாட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் கண்ணுக்குப் படாத பிழை இங்கே மாட்டிக்கொள்ளும்.

இப்போது அடிக்கோடிட்ட வரிக்கு வருவோம். I1 = 40 + 2 I2. இதில் ஹெட்லைட்டைப் பற்றிய பேச்சே இல்லை, 1.2 ஓம் கழிபட்டுப் போய்விட்டது. ஆகவே அந்த இடத்தில் எந்தச் சுமையை வைத்தாலும் இந்த உறவு அப்படியே நிற்கும். I2 சுழியாக இருக்கும்போது I1 40 ஆம்பியர். சுமை எடுப்பது 40 ஆம்பியருக்குக் குறைவாக இருந்தால் I2 மைனஸ். பலவீனமான பேட்டரி வாங்குகிறது. 40க்கு மேல் போனால் I2 பிளஸ், கொடுக்கிறது. சரியாக 40இல் அது ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கிறது. அந்த நிலையில் சந்தியின் அழுத்தம் 12.6 − 0.03 × 40 = 11.4 வோல்ட், அதாவது பலவீனமான பேட்டரியின் சொந்த அழுத்தத்துக்குச் சமம். ஒரு பேட்டரி கொடுக்குமா வாங்குமா என்பதைத் தீர்மானிப்பது அதன் வலிமை மட்டும் இல்லை. அது தொங்கிக்கொண்டிருக்கும் சந்தியில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பதுதான்.

அப்படியானால் சந்தியின் வோல்ட்டையே முதலில் கண்டுபிடித்தால் என்ன? அதுதான் இரண்டாவது முறை, சந்திச் சமன்பாடு. கீழ்க்கோட்டை, அதாவது பாடி எர்த்தை, சுழி வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மேல் சந்தியின் அழுத்தம் V. இடக்கிளையில் வரும் மின்னோட்டம் (12.6 − V) / 0.03. வலக்கிளையில் வருவது (11.4 − V) / 0.06. ஹெட்லைட் வழியாக வெளியேறுவது V / 1.2. வருவதும் போவதும் சமம்:

(12.6 − V) / 0.03 + (11.4 − V) / 0.06 = V / 1.2

எல்லாவற்றையும் 1.2ஆல் பெருக்கினால் பின்னங்கள் போய்விடும்: 40 (12.6 − V) + 20 (11.4 − V) = V. விரித்தால் 504 + 228 = 61 V. ஆக V = 732 / 61 = 12 வோல்ட். இனி ஒவ்வொரு கிளைக்கும் ஓம் விதி போதும். (12.6 − 12) / 0.03 = 20. (11.4 − 12) / 0.06 = −10. 12 / 1.2 = 10. வளைய முறையில் வந்த அதே மூன்று எண்கள். மைனஸ் எங்கிருந்து வந்தது என்பது இங்கே இன்னும் தெளிவாகத் தெரிகிறது: சந்தி 12 வோல்ட்டில் இருக்கிறது, அதன் கீழே 11.4 வோல்ட் பேட்டரி; மின்னோட்டம் உயர்ந்த அழுத்தத்திலிருந்து தாழ்ந்ததற்குத்தான் போகும்.

இந்தச் சுற்றுக்கு எந்த முறை நல்லது என்று கேட்டால், சந்தி முறை என்பேன். வளைய முறையில் இரண்டு சமன்பாடுகள் தேவைப்பட்டன; இதில் ஒன்றே போதும். இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை கிளைகள் தொங்கினாலும் தெரியாத எண் V ஒன்றுதான். ஆனால் தடைகள் பல தொடராகப் போய், வளையங்கள் குறைவாகவும் சந்திகள் அதிகமாகவும் உள்ள சுற்றில் வளைய முறையே லாபம். நேரமிருந்தால் ஒரு முறையில் தீர்த்து மற்றதில் சரிபார்ப்பது உத்தமம்.

வளைய முறையில் ஒரு பொறி உண்டு. படத்தில் மூன்றாவதாக ஒரு வளையமும் தெரிகிறது: ஹெட்லைட்டைத் தொடாமல், நல்ல பேட்டரியில் ஏறி பலவீனமானதில் இறங்கும் வெளிவளையம். அதற்கும் சமன்பாடு எழுதலாம், 12.6 − 0.03 I1 + 0.06 I2 − 11.4 = 0 என்று வரும். ஆனால் அது முதல் இரண்டையும் கழித்தபோது கிடைத்ததேதான், புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. மூன்றையும் வைத்துக்கொண்டு தீர்க்க முயன்றால் கடைசியில் 0 = 0 என்று வந்து நிற்கும். எத்தனை வளையங்கள் தேவை என்பதற்குக் கணக்கு இருக்கிறது: கிளைகளின் எண்ணிக்கையிலிருந்து சந்திகளின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். இங்கே 3 − 2 + 1 = 2. முன்பு சொன்ன, பாதைகளையும் சந்திகளையும் எண்ணும் பார்வை இதுதான்.

இனி சாவியைத் திருப்புவோம். ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, நடுக்கிளையில் செல்ஃப் மோட்டாரை வைக்கிறோம். சுழலும் நிலையில் அதை 0.06 ஓம் தடையாக எடுத்துக்கொள்வோம். முதலில் ஜம்பர் கேபிள் இல்லாதபோது என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். பலவீனமான பேட்டரி தனியாக: 11.4 / (0.06 + 0.06) = 95 ஆம்பியர்; மோட்டாருக்குக் கிடைத்தது 5.7 வோல்ட். மோட்டாரைப் பல்சக்கரத்தோடு இணைக்கும் சோலனாய்டு இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் பிடித்துக்கொண்டிருக்க முடியாமல் விட்டுவிட்டுப் பிடிக்கும். அந்த ‘டக் டக்’ சத்தம் அதுதான்.

இப்போது கேபிளோடு, சந்திச் சமன்பாடு:

(12.6 − V) / 0.03 + (11.4 − V) / 0.06 = V / 0.06

0.06ஆல் பெருக்கினால் 25.2 − 2V + 11.4 − V = V. ஆக 4V = 36.6; V = 9.15 வோல்ட். I1 = 3.45 / 0.03 = 115 ஆம்பியர். I2 = 2.25 / 0.06 = 37.5 ஆம்பியர். மோட்டாருக்கு மொத்தம் 152.5 ஆம்பியர். I1 = 40 + 2 I2 என்ற வரியில் போட்டுப் பாருங்கள்: 40 + 75 = 115. ஒத்துப்போகிறது. சற்றுமுன் சார்ஜ் வாங்கிக்கொண்டிருந்த பேட்டரி, சந்தி 9.15 வோல்ட்டுக்கு இறங்கியதும் தானும் கை கொடுக்கிறது. மைனஸ் தானாகவே பிளஸ் ஆகிவிட்டது. அம்புக்குறியை நாம் தொடவே இல்லை.

இந்தக் கணக்கின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் உண்மையில் வெறும் தடை இல்லை. சுழலும்போது அதற்குள்ளேயே எதிர்த் திசையில் ஓர் அழுத்தம் உருவாகிறது. சாவியைத் திருப்பிய முதல் கணத்தில், இன்னும் சுழலத் தொடங்காதபோது, அது இதைவிட மிக அதிகமாக மின்னோட்டம் இழுக்கும். ஹெட்லைட்டின் இழையும் அப்படித்தான்; குளிர்ந்திருக்கும்போது தடை குறைவு, சூடானபின்தான் 1.2 ஓம். பேட்டரியின் 11.4 வோல்ட்டும் நிலையானதல்ல. 10 ஆம்பியர் உள்ளே போகப் போக அது ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் அந்த 10 ஆம்பியரும் மெல்லக் குறையும். ஆகவே நம் விடைகள் ஒரு குறிப்பிட்ட கணத்துக்கு உரியவை. எண்கள் மாறினால் புதிய எண்களைப் போட்டு மீண்டும் தீர்க்க வேண்டும். கிர்க்காஃபின் விதிகள் மாறுவதில்லை.

கேபிளை மாற்றி மாட்டினால் என்ன ஆகும் என்பதையும் இதே வளையச் சமன்பாடு சொல்லிவிடும். சிவப்பு மைனஸிலும் கறுப்பு பிளஸ்ஸிலும் போய்விட்டது என்று வையுங்கள். வெளிவளையத்தில் சுற்றும்போது இரண்டாவது பேட்டரியிலும் ஏற்றமே வருகிறது. 12.6 − 11.4 என்றிருந்தது 12.6 + 11.4 ஆகிவிடும். நேராக மாட்டி, சுமை எதுவும் இல்லாதபோது அந்த வளையத்தில் ஓடுவது 1.2 / 0.09, அதாவது 13 ஆம்பியர் சொச்சம். மாற்றி மாட்டினால் 24 / 0.09, ஏறத்தாழ 267 ஆம்பியர். அத்தனையும் சூடாக, 6,400 வாட். அதில் மூன்றில் இரண்டு பங்கு பழைய பேட்டரியின் உள்ளேயே. கேபிள் உறை உருகும், கிளிப் பொறி பறக்கும், பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் அந்தப் பொறியில் பற்றி வெடிக்கவும் கூடும். கடைசிக் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல் தள்ளியிருக்கும் எஞ்சின் உலோகத்தில் மாட்டச் சொல்வதும் இந்த ஹைட்ரஜனுக்குப் பயந்துதான். நேராக மாட்டினாலும் கடைசி இணைப்பில் சின்னப் பொறி வரும்.

பட்டறையில் அடிக்கடி நேரும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. எல்லாம் சரியாக மாட்டியும் செல்ஃப் சோம்பலாகச் சுழல்கிறது. நல்ல காரின் பேட்டரியையும் சந்தேகிக்கத் தொடங்குவார்கள். அதற்கு முன் பலவீனமான பேட்டரியின் பிளஸ் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தால், கிளிப் உலோகத்தைத் தொடாமல் அந்த உப்பின் மேல் உட்கார்ந்திருக்கும். அது 0.05 ஓம் கூட்டுகிறது என்று வையுங்கள். கையால் உணர முடியாத அளவு. ஆனால் நல்ல பக்கத்தின் தடை 0.03இலிருந்து 0.08 ஆகிவிடுகிறது. சந்திச் சமன்பாட்டில் அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள்:

(12.6 − V) / 0.08 + (11.4 − V) / 0.06 = V / 0.06

0.24ஆல் பெருக்கினால் 37.8 − 3V + 45.6 − 4V = 4V. 11V = 83.4, V ஏறத்தாழ 7.6 வோல்ட். முன்பு 115 ஆம்பியர் கொடுத்த நல்ல பேட்டரி இப்போது கொடுப்பது சுமார் 63 ஆம்பியர்தான். பலவீனமான பேட்டரியோ 37.5 கொடுத்த இடத்தில் சுமார் 64 கொடுக்க வேண்டியிருக்கிறது. உதவிக்கு வந்தவரின் பேட்டரியில் குறையே இல்லை. ஒரு கிளிப்பின் அடியில் இருக்கும் உப்பு, பாரத்தை நோயாளியின் தலையிலேயே தூக்கி வைத்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க பேட்டரியைக் கழற்ற வேண்டியதில்லை. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறுமுனையைக் கிளிப்பின் தாமிரப் பல்லிலும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அந்த இரண்டும் ஒரே உலோகம் போல ஒட்டியிருந்தால் மீட்டர் சுழியை ஒட்டியே நிற்கும். நம் கணக்கின்படி 63 ஆம்பியர் 0.05 ஓமைக் கடக்கும்போது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். செல்ஃப் அடிக்காமல் அளந்தால் இந்த 3 வோல்ட் தெரியாது. அப்போது ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் மீட்டரும் அரை வோல்ட், ஒரு வோல்ட்டுக்குள்தான் காட்டும். சோதிக்கிறபோது சுமை இருக்க வேண்டும். 3 வோல்ட்டைப் பார்த்ததும் சாவியை விடச் சொல்லி, கேபிளைக் கழற்றி, டெர்மினலை வெந்நீர் ஊற்றித் துடைத்து, கம்பிப் பிரஷ்ஷால் ஈயம் பளபளக்கத் தேய்த்துவிட்டு மீண்டும் மாட்டினால், சந்தி 7.6இலிருந்து 9.15 வோல்ட்டுக்கு ஏறும்; செல்ஃப் எடுக்கும்.